இரண்டு லோகோ, ஒரே சேதி

2020 நவம்பர் 9, திங்கட்கிழமை. அன்று வெளியான ஒரு பத்திரிகைக் குறிப்பு சில மணி நேரத்தில் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. கொரோனா தடுப்பூசியின் மூன்றாம் கட்டப் பரிசோதனையில், முதல் இடைக்கால ஆய்வின்படி ஊசி 90 சதவீதத்துக்கு மேல் பலன் தந்திருக்கிறது என்பது சேதி. தலைப்பில் ஃபைசர், பயோஎன்டெக் என்று இரண்டு பெயர்கள். ஊர்ப் பெயர் போடும் இடத்தில் நியூயார்க்கும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரமும். உள்ளே ஃபைசரின் தலைவர் ஆல்பர்ட் பூர்லா ஒரு கருத்தும், பயோஎன்டெக்கின் தலைமைச் செயல் அதிகாரி உகுர் சாஹின் ஒரு கருத்தும் சொல்லியிருந்தார்கள். கடைசியில் ஒவ்வொரு நிறுவனத்தையும் பற்றித் தனித்தனி அறிமுகப் பத்தி, நிருபர்கள் பேசுவதற்குத் தனித்தனி ஆட்கள்.

இத்தனை கவனமாக எழுதப்பட்ட பிறகும் அமெரிக்காவிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மக்கள் அதை 'ஃபைசர் ஊசி' என்றே சொன்னார்கள். அதே மருந்து ஜெர்மனியிலும் ஹாங்காங்கிலும் 'பயோஎன்டெக்' ஆனது. பேச்சுவழக்கில் ஒரு பெயர்தான் நிற்கும். எந்தப் பெயர் நிற்கும் என்பதை எந்த நிறுவனமும் முடிவு செய்ய முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தை அந்தக் குறிப்பு கைவிடவில்லை. மருந்தின் அடிப்படையான எம்ஆர்என்ஏ தொழில்நுட்பம் யாருடையது, பல்லாயிரம் பேரிடம் நடந்த பரிசோதனையை முன்னின்று நடத்தியது யார் என்பதைப் பிற்பாடு தேடிப் படிக்கிற யாரும் தெரிந்துகொள்ளலாம். இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து வெளியிடும் அறிவிப்பைச் சரிபார்ப்பவர் காப்பாற்ற வேண்டியதும் இதைத்தான். பெயர்கள் எத்தனை தடவை வந்தன என்பதைவிட, எந்த வேலை எந்தப் பெயரோடு சேர்ந்திருக்கிறது என்பதில்தான் நியாயம் இருக்கிறது.

நம் ஊரில் இந்த வேலை அதிகம் நடப்பது கூட்டுக் கிரெடிட் கார்டுகளில். அமேசான் பே ஐசிஐசிஐ வங்கி கார்டு, ஃப்ளிப்கார்ட் ஆக்சிஸ் வங்கி கார்டு, ஸ்விக்கி ஹெச்டிஎஃப்சி வங்கி கார்டு என்று பல கார்டுகள் மக்கள் கையில் இருக்கின்றன. ஒரு பக்கம் வாடிக்கையாளர் தினமும் பார்க்கிற வியாபார நிறுவனம். இன்னொரு பக்கம் கடன் கொடுக்கிற வங்கி. இப்படி ஒரு கார்டின் அறிவிப்பு வரைவு மேசைக்கு வந்தால் அதை எப்படிப் படிப்பது என்று, கற்பனையான ஓர் உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். பல கிளைகள் உள்ள ஒரு ஜவுளிக் கடையும் ஒரு வங்கியும் சேர்ந்து கார்டு கொண்டுவருகின்றன. கடையின் விளம்பரப் பிரிவு எழுதி அனுப்பிய முதல் பத்தி இது:

"தமிழகத்தின் முன்னணி ஜவுளி நிறுவனம், தன் வாடிக்கையாளர்களுக்காகப் புதிய கிரெடிட் கார்டை இன்று அறிமுகப்படுத்தியது. வங்கியின் ஒத்துழைப்புடன் வரும் இந்தக் கார்டில் எல்லாப் பர்ச்சேஸ்களுக்கும் 5 சதவீதம் கேஷ்பேக் உண்டு. விண்ணப்பித்த 10 நிமிடத்தில் கார்டு உங்களுக்கு."

இந்த வரைவை வாங்கியதும் வங்கித் தரப்பில் பலரும் செய்கிற முதல் காரியம், பெயர்களை எண்ணுவது. முழு அறிவிப்பிலும் கடையின் பெயர் ஒன்பது தடவை, வங்கியின் பெயர் ஏழு தடவை என்று வைத்துக்கொள்வோம். உடனே இன்னும் இரண்டு இடத்தில் வங்கியின் பெயரைச் செருகி, ஒன்பதுக்கு ஒன்பது ஆக்கித் திருப்பி அனுப்புவார்கள். கணக்கு நேராகிவிட்டது. குறை அப்படியே இருக்கிறது.

குறை எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வரைவை அச்செடுத்து மூன்று வண்ணப் பேனாக்களை எடுத்துக்கொள்ள வேண்டும். கடை எழுவாயாக வரும் வாக்கியங்களுக்கு ஒரு நிறம், வங்கி எழுவாயாக வருபவற்றுக்கு இன்னொரு நிறம், இரண்டும் சேர்ந்து செய்வதாக வருபவற்றுக்கு மூன்றாவது நிறம். பிறகு ஒவ்வொரு வினைச்சொல்லின் முன்னும் நின்று, 'இதை உண்மையிலேயே இவர்தான் செய்கிறாரா?' என்று கேட்க வேண்டும்.

மேலே உள்ள பத்தியில் கார்டை அறிமுகப்படுத்துவது கடை மட்டும். வங்கிக்கென்று ஒரு வினைகூட இல்லை. அது 'ஒத்துழைப்புடன்' என்ற சொல்லுக்குள் ஒதுங்கியிருக்கிறது. நடைமுறை என்ன? விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது வங்கி. கடன் வரம்பை முடிவு செய்வது வங்கி. மாதாமாதம் பில் அனுப்புவது, தாமதமானால் வட்டி போடுவது, பணம் திரும்பாமல் போனால் நஷ்டத்தைத் தாங்குவது எல்லாம் வங்கிதான். கடை செய்வது இரண்டு வேலைகள்: தன் வாடிக்கையாளரிடம் கார்டை எடுத்துச் சொல்லி விண்ணப்பம் வாங்கித் தருகிறது, தன் கிளைகளில் கார்டுக்காரருக்குச் சலுகை தருகிறது. இரண்டும் சின்ன வேலைகள் அல்ல. ஆனால் கார்டு கொடுப்பது கடை அல்ல.

இது வங்கியின் கௌரவப் பிரச்சினையோடு முடிவதில்லை. அந்தப் பத்தியைப் படித்துக் கார்டு வாங்கியவருக்கு ஆறு மாதம் கழித்து, தான் செய்யாத ஒரு செலவு பில்லில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் புகார் சொல்லக் கடைக்குத்தான் போவார். கடைக்காரரால் அந்தப் பில்லில் ஒரு ரூபாயைக்கூட நிறுத்தி வைக்க முடியாது.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கார்டு நெறிமுறைகள் இந்தக் குழப்பத்தைத் தடுக்கவே சில வரிகளைச் சேர்த்தன. கூட்டுக் கார்டைத் தன் சொந்தப் பொருள் போலக் கூட்டாளி நிறுவனம் விளம்பரம் செய்யக் கூடாது. எல்லா விளம்பரங்களிலும் கார்டை வழங்கும் நிறுவனத்தின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். இது கூட்டு ஏற்பாட்டின் கீழ் வழங்கப்படும் கார்டு என்பது கார்டிலேயே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கூட்டாளியின் பங்கு கார்டைச் சந்தைப்படுத்துவது, விநியோகிப்பது, தன் பொருள்களிலும் சேவைகளிலும் கார்டுக்காரருக்குச் சலுகை கிடைக்கச் செய்வது என்ற அளவோடு நிற்கிறது. ஆக, கடை எழுதிய அந்த முதல் வாக்கியம் பங்காளிக்கு மனவருத்தம் தருவதோடு நிற்கவில்லை, விதியையே மீறுகிறது.

திருத்தியபின் பத்தி இப்படி வரலாம்:

"வங்கியும் ஜவுளி நிறுவனமும் இணைந்து புதிய கூட்டுக் கிரெடிட் கார்டை இன்று அறிமுகப்படுத்தின. கார்டை வங்கி வழங்குகிறது; ஜவுளி நிறுவனத்தின் எல்லாக் கிளைகளிலும் இதற்கு விண்ணப்பிக்கலாம். அந்தக் கிளைகளில் செய்யும் பர்ச்சேஸ்களுக்கு 5 சதவீதமும், மற்ற இடங்களில் 1 சதவீதமும் கேஷ்பேக் உண்டு. விண்ணப்பத்தை வங்கி பரிசீலித்து முடிவு செய்யும்."

இதில் பெயர்களின் எண்ணிக்கை முக்கியமில்லாமல் போய்விட்டதைக் கவனிக்கலாம். அறிமுகம் இருவருடையது. வழங்குவதும் பரிசீலிப்பதும் வங்கியுடையவை. விண்ணப்பம் வாங்கும் இடமும் பெரிய சலுகை கிடைக்கும் இடமும் கடையுடையவை. வாடிக்கையாளருக்கு எதற்கு யாரிடம் போக வேண்டும் என்பது நாலு வரியில் தெரிந்துவிடுகிறது. முதல் வரைவில் 'எல்லாப் பர்ச்சேஸ்களுக்கும்' என்றிருந்ததும் சரியாகிவிட்டது. ஒப்பந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்திருந்தால் 5 சதவீதம் கடையின் கிளைகளுக்கு மட்டும்தான் என்பது அப்போதே தெரிந்திருக்கும். '10 நிமிடத்தில் கார்டு' என்ற வரியையும் எடுத்துவிட வேண்டியதுதான். அதைச் சொன்னது கடை; நிறைவேற்ற வேண்டியது வங்கி. ஒருவர் வாயால் இன்னொருவர் வாக்குக் கொடுப்பது கூட்டு அறிவிப்புகளில் மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. வண்ணப் பேனா அதைப் பிடித்துவிடும்.

வினைகள் ஒழுங்கானபின்தான் பெயர் வரும் இடங்களைப் பார்க்க வேண்டும். எல்லா இடங்களுக்கும் ஒரே எடை கிடையாது. தலைப்பையும் முதல் பத்தியையும் தாண்டிப் படிப்பவர்கள் குறைவு. நிருபர் எடுத்து எழுதுவதும் பெரும்பாலும் அவற்றைத்தான். அதனால் இரண்டு பெயர்களும் அந்த இரண்டு இடங்களிலும் இருந்தால், ஏழாவது பத்தியில் ஒன்று கூடுதலாக வந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. தலைப்பில் ஒரு பெயரை விட்டுவிட்டு உள்ளே பத்துத் தடவை எழுதினாலும் லாபம் இல்லை.

யார் பெயர் முதலில் என்பது எப்போதும் வரும் சண்டை. இதற்கு இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, அகர வரிசை. இன்னொன்று, ஒரு காரணத்தை வைத்து முன்கூட்டியே முடிவு செய்து எல்லா இடத்திலும் மாறாமல் பின்பற்றுவது. மேலே சொன்ன மூன்று கார்டுகளின் பெயரிலும் வியாபார நிறுவனம் முதலிலும் வங்கி அடுத்ததாகவும் வருகின்றன. வாடிக்கையாளர் எந்தக் கடைக்கான கார்டு என்று தேடித்தான் வாங்குகிறார் என்பதால் அந்த வரிசை பொருந்துகிறது. வங்கியின் பெயர் பொருளின் பெயருக்குள்ளேயே இருப்பதால் அதை யாரும் வெட்டிவிடவும் முடியாது. நம் உதாரணத்திலும் கார்டின் பெயரில் கடை முதலில் வரலாம், அறிவிப்பின் வாக்கியத்தில் வங்கி முதலில் வரலாம். ஒருமுறை முடிவு செய்தபின் பத்திக்குப் பத்தி மாற்றக் கூடாது என்பதுதான் முக்கியம்.

லோகோக்களிலும் இதே கதைதான். இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் சமம் என்று நினைக்கிறார்கள். ஒன்று நீளமான எழுத்து, இன்னொன்று வட்டச் சின்னம் என்றால் ஒரே உயரத்தில் வட்டம் சிறுத்துப்போய், எழுத்து பரந்து நிற்கும். அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, கண்ணுக்குச் சமமாகத் தெரியும் வரை மாற்ற வேண்டும். போனின் சின்னத் திரையிலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பெயர்கள் இடம் பிடித்தாயிற்று. இனி இரண்டாவது பாதி: இருவரும் ஒரே சேதியைச் சொல்கிறார்களா?

இதற்கு நல்ல உதாரணம் 2020 ஏப்ரல் 10 அன்று ஆப்பிளும் கூகுளும் வெளியிட்ட அறிவிப்பு. கொரோனா தொற்றியவருக்கு அருகில் இருந்தவர்களைக் கண்டுபிடிக்க, போன்களில் உள்ள புளூடூத்தைப் பயன்படுத்தும் தொழில்நுட்பத்தை இருவரும் சேர்ந்து உருவாக்குகிறார்கள் என்பது செய்தி. போன் சந்தையில் நேருக்கு நேர் போட்டியிடுகிற இரண்டு நிறுவனங்கள் ஒரே தலைப்போடு ஒரே அறிவிப்பை அவரவர் தளத்தில் வெளியிட்டன. கூகுளின் தளத்திலும் ஆப்பிளின் பெயர்தான் முதலில் இருந்தது. யாருடைய தனி மேற்கோளும் இல்லை. கடைசிப் பத்தி இரு நிறுவனத்தாரும் சேர்ந்து பேசுவதாக இருந்தது.

அன்றே டிம் குக்கும் சுந்தர் பிச்சையும் ட்விட்டரில் தனித்தனியாக எழுதினார்கள். அங்கே வரிசை மாறியது. குக், 'கூகுளோடும் பிச்சையோடும் சேர்ந்து வேலை செய்கிறோம்' என்ற பொருளில் எழுதினார். பிச்சை 'கூகுளும் ஆப்பிளும்' என்று தன் நிறுவனத்தை முதலில் சொல்லி, குக்கின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். இரண்டு பதிவுகளிலும் மாறாமல் இருந்தவை இரண்டு: தொற்றின் வேகத்தைக் குறைக்கச் சுகாதார அதிகாரிகளுக்கு உதவுவது, பயனரின் அந்தரங்கத்தைப் பாதுகாப்பது.

கல்யாணப் பத்திரிகையைப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் தனித்தனியாக அடிப்பதுண்டு. அழைப்பவர் பெயர் மாறும். முகூர்த்தமும் மண்டபமும் மாறாது. கூட்டு அறிவிப்பிலும் அவரவர் தளத்தில், அவரவர் ஊழியர்களுக்கு அனுப்பும் கடிதத்தில், அவரவர் குரலில் பேசும்போது தன் பெயரை முதலில் போட்டுக்கொள்வது இயல்பு. மாறக் கூடாதவை எவை என்று முன்பே எழுதிவைத்துக்கொண்டால் போதும்.

அந்த எழுத்து ஒரே ஒரு வாக்கியமாக இருப்பது நல்லது. வரைவு தொடங்கும் முன்பே இரண்டு தரப்பும் உட்கார்ந்து, அறிவிப்பைப் படித்தவர் மனதில் என்ன நிற்க வேண்டும் என்று எழுதிப் பார்க்க வேண்டும். நம் கார்டுக்கு, 'இந்தக் கடையில் அடிக்கடி வாங்குபவருக்கு, வங்கி வழங்கும் இந்தக் கார்டால் ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் பணம் மிச்சமாகும்' என்பது அந்த வாக்கியமாக இருக்கலாம். இதில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஒருவரை எடுத்துவிட்டால் வாக்கியம் நிற்காது. சேதி ஒன்றுதானா என்று பார்க்க இதுவே நல்ல சோதனை. ஒரு தரப்பை எடுத்த பின்னும் வாக்கியம் முழுசாக நின்றால், அது அந்த இன்னொருவரின் விளம்பரம்.

சேதி பிளவுபடுவது பெரும்பாலும் மேற்கோள்களில்தான். வாக்கியத்துக்கு வாக்கியம் கவனமாகத் திருத்துபவர்கள்கூட, பெரியவர்கள் சொன்னது என்று மேற்கோள்களைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். நம் வரைவில் வங்கி அதிகாரியின் கருத்து, "இளைஞர்களிடம் கிரெடிட் கார்டு பழக்கத்தை வளர்க்கும் எங்கள் பயணத்தில் இது ஒரு மைல்கல்" என்று இருந்தது. கடை உரிமையாளரின் கருத்து, "இனி எங்கள் வாடிக்கையாளர் எங்கே, என்ன வாங்குகிறார் என்று தெரிந்து அதற்கேற்பச் சலுகை தருவோம்" என்று இருந்தது.

முதல் மேற்கோளில் கடையே இல்லை. அந்த அதிகாரி வேறு எந்தக் கார்டு வெளியீட்டிலும் இதையே சொல்லலாம். அடிக்கடி கடைக்கு வரும் குடும்பத்துக்குச் சேமிப்பு என்ற சேதியும் இல்லை. 'இளைஞர்' என்று புதிதாக ஒரு சேதி முளைத்திருக்கிறது. இரண்டாவது மேற்கோள் இன்னும் ஆபத்தானது. கூட்டுக் கார்டில் நடக்கும் பரிவர்த்தனைகளின் விவரம் கூட்டாளி நிறுவனத்துக்குப் போகக் கூடாது என்பதும் அதே 2022 நெறிமுறைகளில் உள்ள விதி. வாடிக்கையாளர் மருந்துக் கடையிலோ வேறு துணிக்கடையிலோ கார்டைத் தேய்த்ததைப் பார்க்கக் கடைக்கு உரிமை இல்லை. உரிமையாளர் ஆர்வத்தில் சொன்ன ஒரு வரி, இல்லாத ஒரு வசதியை அறிவித்து, வங்கியையும் சிக்கலில் மாட்டிவிடும்.

இதைத் திருத்துவதற்கு வழி, ஒவ்வொருவரையும் அவரவர் வேலையைப் பற்றிப் பேசச் சொல்வது. வங்கி அதிகாரி, இந்தக் கடைக்கு வரும் குடும்பங்களுக்கு என்னென்ன வசதியோடு கார்டு வடிவமைக்கப்பட்டது என்று சொல்லலாம். கடை உரிமையாளர், பண்டிகை நேரத்தில் பில் போடும்போதே சலுகை எப்படிக் கழியும் என்று சொல்லலாம். இரண்டு மேற்கோளும் ஒரே நீளத்தில் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நீளத்தைவிட, ஒருவர் மேற்கோளில் மற்றவரின் பெயரோ பங்கோ ஒருமுறையாவது வருகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். ஒருவர் சொன்னதையே மற்றவர் வேறு வார்த்தையில் திருப்பிச் சொன்னால் நிருபர் ஒன்றை வெட்டிவிடுவார். வெட்டுப்படுவது இரண்டாவதாக வருபவர்தான்.

ஒப்புதல் வாங்கும் விதமும் சேதியைக் கெடுக்கும். வரைவு நாலு மின்னஞ்சலில் நாலு பிரதியாகச் சுற்றும்போது, ஒரு தரப்பின் சட்டப் பிரிவு திருத்தியது மறு தரப்பின் கண்ணுக்கே வராமல் போகும். அதனால் மூலப்பிரதி ஒன்றே ஒன்று. அதைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர். தரப்புக்கு ஒருவர் மட்டும் கடைசி 'சரி' சொல்லலாம் என்று ஏற்பாடு செய்துகொள்வது வழக்கம். பிரதிக்கு எண் போட வேண்டும். 'சரி' என்றால் எந்த எண் பிரதிக்குச் சரி என்று எழுத வேண்டும். அதன்பின் ஒரு காற்புள்ளி மாறினாலும் இரண்டு பக்கமும் மறுபடி பார்க்க வேண்டும். 'ஒத்துழைப்புடன்' போன்ற சொற்கள் திரும்ப நுழைவது இந்தக் கடைசி நேரத்தில்தான்.

நேரமும் சேதியின் ஒரு பகுதி. வங்கி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதாகவும், ஒப்பந்தம் அதன் வியாபாரத்தைப் பாதிக்கும் அளவு முக்கியமானதாகவும் இருந்தால், செபி விதிகளின்படி அந்தத் தகவல் முதலில் பங்குச் சந்தைக்குப் போக வேண்டும். சந்தைப்படுத்தும் கூட்டு ஏற்பாடுகளும் அப்படித் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் இருக்கின்றன. கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லாமல் இருக்கலாம். திறப்பு விழா உற்சாகத்தில் கடை காலையிலேயே பேனர் கட்டி, படத்தைப் பேஸ்புக்கில் போட்டுவிட்டால் வங்கிக்குச் சிக்கல். எனவே வரைவின் மேலேயே வெளியிடும் நாளும் மணியும் எழுதி, அதற்கு முன் போகக் கூடாதவை என்று பேனர், கவுன்டர் அட்டை, ஊழியர் வாட்ஸ்அப் குழு எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்கள்.

இவ்வளவும் செய்தபின் சேதி உடைவதற்கு இன்னும் ஓர் இடம் பாக்கி இருக்கிறது: அறிவிப்புக்கு வெளியே யாராவது வாய் திறப்பது. தடுப்பூசி அறிவிப்பிலேயே இது நடந்தது. அமெரிக்க அரசு தடுப்பூசிகளை விரைவுபடுத்த 'ஆபரேஷன் வார்ப் ஸ்பீட்' என்ற திட்டத்தை நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. நல்ல செய்தி வந்ததும் அதில் அரசின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி எழுந்தது. ஃபைசரின் தடுப்பூசி ஆராய்ச்சித் தலைவர் கேத்ரின் யான்சன் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையிடம், அந்தத் திட்டத்தில் தாங்கள் ஒருபோதும் இல்லை, அமெரிக்க அரசிடமோ வேறு எவரிடமோ பணம் வாங்கவில்லை என்ற பொருளில் சொன்னார்.

ஆராய்ச்சிக்கு அமெரிக்க அரசின் பணத்தை ஃபைசர் வாங்கவில்லை என்ற அளவில் அது சரிதான். ஆனால் அந்த ஜூலையிலேயே 10 கோடி டோஸ்களுக்கு 195 கோடி டாலர் என்று அமெரிக்க அரசு ஒப்பந்தம் போட்டிருந்தது. தடுப்பூசி வழங்குபவர் என்ற முறையில் தாங்கள் அந்தத் திட்டத்தில் இருக்கிறோம் என்று ஃபைசர் பிறகு விளக்க வேண்டியிருந்தது. பங்காளியின் பக்கம் பார்த்தால் 'வேறு எவரிடமோ' என்ற சொல் இன்னும் இடிக்கிறது. பயோஎன்டெக்குக்கு அந்தச் செப்டம்பரில்தான் ஜெர்மன் அரசு 37.5 கோடி யூரோ வரை நிதி ஒதுக்கியிருந்தது. 'நாங்கள்' என்று சொன்னவர் தன் நிறுவனத்தை மட்டும் மனதில் வைத்திருக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து செய்த காரியத்தில் 'நாங்கள்' என்றால், கேட்பவர் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்வார்.

இதற்காகத்தான் அறிவிப்போடு ஒரு கேள்வி–பதில் தாளும் தயாராகிறது. அது வெளியே போகாது. பேசப்போகிறவர்கள் கையில் மட்டும் இருக்கும். நம் கார்டுக்கு அதில் என்னென்ன வரும்? கார்டு தொலைந்தால் யாரைக் கூப்பிடுவது? விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் கடை தலையிடுமா? கேஷ்பேக்கின் செலவு யாருடையது? கூட்டு முடிந்துபோனால் கார்டு என்னவாகும்? ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வங்கியா கடையா என்று எழுதியிருக்க வேண்டும். மற்றவர் வேலையைப் பற்றிய கேள்வி வந்தால் 'அதை வங்கியிடம் கேளுங்கள்' என்று சொல்வது கௌரவக் குறைவில்லை என்பதை மேடையேறுபவருக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். கடை ஊழியர்களுக்கும் அந்தத் தாளின் சுருக்கம் போக வேண்டும். வாடிக்கையாளர் முதலில் கேட்பது கவுன்டரில் இருப்பவரைத்தான். புகாரை முதலில் வாங்கிக்கொள்ளும் இடமாகக் கூட்டாளி இருக்க விதியும் அனுமதிக்கிறது; தீர்ப்பது வங்கியின் வேலை.

மறுநாள் காலை பத்திரிகைகளை வைத்துக்கொண்டு செய்யும் சோதனையும் சரிபார்ப்பில் சேரும். பத்துச் செய்திகளை வெட்டி ஒட்டி, தலைப்பில் யார் பெயர் இருக்கிறது, முதல் பத்தியில் என்ன வினை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தலைப்பில் ஒரு பெயர் விழுந்துபோயிருந்தால் அது இடத் தட்டுப்பாடாக இருக்கலாம். ஆனால் 'ஜவுளிக் கடை கிரெடிட் கார்டு வழங்குகிறது' என்று பல செய்திகளில் வந்திருந்தால், தவறு நிருபருடையது அல்ல, அறிவிப்பின் முதல் வாக்கியத்துடையது. அந்த வாக்கியத்தைத் தளத்தில் உடனே திருத்தி, எழுதிய பத்திரிகைகளுக்கு இரு நிறுவனங்களின் பெயரிலும் சேர்த்துத் தெரிவிக்க வேண்டும். ஒரு தரப்பு மட்டும் திருத்தம் அனுப்பினால் கூட்டில் சண்டை என்று அதுவே செய்தியாகிவிடும்.

திருத்தத்தையும் சேர்ந்தே செய்வது எப்படி என்பதற்கு ஆப்பிள்–கூகுள் உதாரணம் மறுபடி உதவும். ஏப்ரல் 10 அன்று அவர்கள் வைத்த பெயர், 'தொடர்பு கண்டறிதல்' என்ற பொருள் தருவது. தொடர்பைக் கண்டறிவது சுகாதாரத் துறையின் வேலை. போன் செய்வது, தொற்றாளருக்கு அருகில் இருந்திருக்கலாம் என்று எச்சரிப்பது மட்டும்தான். இரண்டு வாரத்தில், ஏப்ரல் 24 அன்று இரு நிறுவனங்களும் ஒரே நேரத்தில் 'எக்ஸ்போஷர் நோட்டிஃபிகேஷன்' என்று பெயரை மாற்றின. மே 20 அன்று தொழில்நுட்பம் வெளியானபோதும் கூட்டாகவே அறிக்கை விட்டார்கள். அதில் புதுப் பெயர்தான் இருந்தது.

கூட்டுக் கார்டுகளில் இந்த நாள் சீக்கிரமே வரும். 5 சதவீதம் ஒரு வருடத்தில் 3 ஆகலாம், மாத உச்சவரம்பு வரலாம். சலுகை கூடும்போது சேர்ந்து நின்று படம் எடுத்தவர்கள், குறையும்போது 'அது வங்கியின் முடிவு' என்றும் 'கடை கேட்டுக்கொண்டது' என்றும் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்புவது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம். முதல் அறிவிப்புக்கு ஒப்புதல் கொடுக்கும்போதே, சலுகை மாறினால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்வது, யார் பெயரில் சொல்வது, பழைய அறிவிப்பின் மேல் எந்தத் தேதி போட்டுத் திருத்தம் சேர்ப்பது என்று இரண்டு தரப்பும் எழுதி வைத்துக்கொண்டால், அந்த நாளிலும் மூலப்பிரதி ஒன்றாகவே இருக்கும்.